குறிலும் நெடிலும் தாண்டி: ஆங்கில உயிரொலிகளுக்கு இரண்டு பாடவேளைத் திட்டம்

வகுப்பு: ஆறு. மாணவர்கள்: 36 பேர். இடம்: தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி.
நேரம்: 45 நிமிடங்கள் வீதம் இரண்டு பாடவேளைகள், அடுத்தடுத்த நாட்களில்.
தேவையானவை: ஆறு படங்கள் (கப்பல், செம்மறியாடு, பேனா, வாணலி, குடிசை, தொப்பி), சுண்ணக்கட்டி, குழுவுக்கு ஒன்றாக ஒன்பது வழித்தாள்கள். படங்களைப் பழைய நாட்காட்டி அட்டையின் பின்புறம் வரைந்தாலே போதும்.

எதை எதிர்பார்க்கிறோம்

ஓர் உயிரொலி மட்டுமே மாறும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் காதால் பிரித்தறிவதும், கேட்பவருக்குக் குழப்பமில்லாமல் சொல்வதும்தான் நோக்கம். வெள்ளைக்காரர் போலப் பேச வைப்பது நோக்கமல்ல. பிரிட்டன் ஆங்கிலத்தில் ஏறத்தாழ 20 உயிரொலிகள் இருப்பதாகச் சொல்வார்கள். அவற்றில் மூன்று இணைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஷிப், ஷீப்: கப்பலும் செம்மறியாடும்.
பென், பேன்: பேனாவும் வாணலியும்.
ஹட், ஹேட்: குடிசையும் தொப்பியும்.

வாணலியையும் தொப்பியையும் குறிக்க நான் எழுதியிருக்கும் ஏகாரம் ஆசிரியரின் வசதிக்காக மட்டுமே. அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. அதனால்தான் அதே ஒலியை ஆப்பிள் என்பதில் ஆகாரமாகவும் பேங்க் என்பதில் ஏகாரமாகவும் எழுதுகிறோம். கரும்பலகையில் தமிழில் எழுதவே வேண்டாம். பேன் என்று எழுதினால் வகுப்பே தலையைச் சொறியும். படத்தை ஒட்டி, கீழே ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள்.

முதல் பாடவேளை: காது

முதல் ஐந்து நிமிடங்கள் தமிழுக்கு. கல், கால்; படம், பாடம்; விடு, வீடு; கொடு, கோடு; முடி, மூடி என்று சொல்லிக்கொண்டே போய், எது மாறுகிறது என்று கேளுங்கள். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று உடனே சொல்வார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. அந்த மொழிகளிலும் குறில் நெடில் உண்டு. அவர்கள் மொழியில் ஓர் இணை சொல்லச் சொன்னால், வழக்கமாக வாய் திறக்காத பிள்ளையும் கை தூக்கும்.

பிறகு ஷிப், ஷீப். படத்தைக் காட்டி மும்முறை சொல்லுங்கள். ஒரே நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். அங்கே மகிழ்ந்து நின்றுவிட வேண்டாம்; அவர்கள் பிடித்தது நீளத்தை மட்டும்தான். சோதிக்க ஒரு வழி: ஷிப் என்பதன் இகரத்தை ஒலி மாறாமல் நன்றாக இழுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் ஆட்டைக் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் நீளம் நம்பகமான அடையாளமல்ல. ஒரே உயிரொலிகூட, சொல் ‘ட்’ என்னும் வல்லொலியில் முடிந்தால் குறுகும், ‘வண்டி’யில் வருவதுபோல் அதிரும் ‘ட’வில் முடிந்தால் நீளும். ஆகவே வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். கப்பலுக்கு உதடு தளர்ந்திருக்கும். ஆட்டுக்கு உதடு சிரிப்பதுபோல இருபுறமும் விரியும், நாக்கு இன்னும் மேலே ஏறும். அடுத்து வரும் இணைகளில் மாத்திரைக் கணக்கு கைகொடுக்காது என்பதால், இந்தப் பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிட வேண்டும்.

விளையாட்டு ஒன்று: ஒன்றா, வேறா? இரண்டு சொற்கள் சொல்லுங்கள். ஒரே சொல் என்றால் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு என்றால் எழ வேண்டும். எல்லோரும் கண்ணை மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெஞ்சைப் பார்த்து மற்றவர்கள் எழுவார்கள். பென், பேன் வரும்போது வகுப்பு இரண்டாகப் பிரியும். சரி, தவறு சொல்லாமல் மறுபடி சொல்லுங்கள். மூன்றாவது சுற்றில்தான் விடை.

விளையாட்டு இரண்டு, மைதானத்தில்: வேப்பமரத்தில் பேனாப் படம், புங்கமரத்தில் வாணலிப் படம். பன்னிரண்டு பேராக நடுவில் நிறுத்தி, நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்லுங்கள். கேட்ட மரத்துக்கு ஓட வேண்டும். மாறி மாறிச் சொல்லாதீர்கள். ஒரே சொல்லை மூன்று முறை தொடர்ந்து சொன்னால்தான், காதால் கேட்பவர் யார், ஊகத்தில் ஓடுபவர் யார் என்று தெரியும். கேள்திறன் குறைந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் நோட்டை விலக்குங்கள்.

இரண்டாம் பாடவேளை: வாய்

தாடைப் பயிற்சியோடு தொடங்குங்கள். உள்ளங்கையை முகவாய்க்குக் கீழே வைத்து, எழுது, எடு என்று சொல்லச் சொல்லுங்கள். ‘யெழுது’ என்று யகரம் ஒட்டிக்கொண்டால் இன்று விட்டுவிடலாம். இப்போது அதே எகரத்தைச் சொல்லியபடியே தாடையை இறக்க வேண்டும். நாக்கு பின்னால் போகக் கூடாது. போனால் ஆகாரம் வந்துவிடும். எகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் வாணலியின் ஒலி கிடைக்கும். முதலில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் கேட்கும். வகுப்பு சிரிக்கட்டும், சிரிப்பில் தாடை நன்றாகவே திறக்கிறது.

மென், மேன் என்ற இணையையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பலரா ஒருவரா என்பதை அந்த ஒற்றை உயிரொலிதான் சொல்கிறது. ஒலி பிசகினால் இலக்கணமே பிசகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பென்னு, ஷிப்பு என்று கடைசியில் உகரம் சேர்ப்பார்கள். விளையாட்டின் நடுவே திருத்த வேண்டாம். ஷிப் சொன்னதும் உதட்டை மூடியபடியே ஒரு கணம் வைத்திருக்கச் சொன்னால் உகரம் தானாக விழுந்துவிடும்.

விளையாட்டு மூன்று: பஸ் எங்கே போகிறது? திட்டத்தின் உயிர் இதுதான். 25 நிமிடங்கள் ஒதுக்குங்கள். நால்வர் கொண்ட ஒன்பது குழுக்கள். வழித்தாளின் மேலே கிருஷ்ணகிரி பஸ் நிலையம். அங்கிருந்து வழி இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக, மீண்டும் இரண்டாக. முதல் பிரிவில் இடது ஷிப், வலது ஷீப். இரண்டாவதில் இடது பென், வலது பேன். மூன்றாவதில் இடது ஹட், வலது ஹேட். கீழே இடமிருந்து வலமாக எட்டு ஊர்கள்: ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, பாலக்கோடு, தர்மபுரி, ஒகேனக்கல், பர்கூர், ஊத்தங்கரை. நிஜச் சாலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. “சார், பர்கூருக்கு இப்படிப் போக முடியாது” என்று ஒருவராவது சொல்வார்கள்.

ஓட்டுநர் மனதுக்குள் ஓர் ஊரை நினைத்து மூன்று சொற்கள் மட்டும் சொல்வார். மற்ற மூவரும் விரலால் வழியைத் தொடர்ந்து, சேர்ந்த ஊரைச் சொல்வார்கள். ஷீப், பென், ஹேட் என்றால் ஒகேனக்கல். பென் என்பதை வாணலியாகச் சொல்லிவிட்டால் பயணிகள் ஊத்தங்கரையில் இறங்குவார்கள். மூவரும் தவறான ஊருக்குப் போனால் பிழை ஓட்டுநருடையது. ஒருவர் மட்டும் போனால் அவர் காதினுடையது. ஆசிரியர் திருத்தத் தேவையில்லை, ஊரே திருத்திவிடும். ஓட்டுநர் முறைவைத்து மாறட்டும்.

மதிப்பீடு

கடைசி பத்து நிமிடங்களில் பென், பேன் மட்டும், பத்து முறை. இடது, வலது என்று அம்புக்குறி போட்டால் போதும். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சுமார் ஐந்து சரியாக வரும் என்பதால், எட்டுக்குக் குறைந்தால் தேர்ச்சியாகக் கொள்ள வேண்டாம். மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். எட்டுக்குக் கீழே இருப்பவர்களை, நன்றாகக் கேட்கும் ஒருவரோடு சேர்த்து அடுத்த வாரம் ஒரே குழுவில் உட்கார வையுங்கள்.

தொடர்ச்சி

வழித்தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். வாரம் ஒருமுறை, வருகைப் பதிவு முடிந்ததும் ஐந்து நிமிடங்கள். சொற்களை மட்டும் மாற்றுங்கள்: ஹில், ஹீல், டென், டேன், கட், கேட். கார்ட் என்னும் வண்டியும் ஹார்ட் என்னும் இதயமும் வேண்டாம். பிரிட்டன் உச்சரிப்பில் கட், கார்ட் நல்ல இணை. நாம் ரகரத்தை ஒலிப்பதால் பிள்ளைகள் உயிரொலியைக் கேட்காமல் ரகரத்தைக் கேட்டே தப்பித்துவிடுவார்கள்.