சனிக்கிழமைக்கு என் பதில்

வணக்கம்.

சனிக்கிழமை காலையில் கிளம்பி முக்கொம்பு போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்னால் வர முடியாது. "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் சாக்குச் சொல்வதைவிட, வீட்டு நிலவரத்தை இப்போதே எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. ஆறு வருடங்களாகப் பார்க்கின்சன் நோய். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என்று மாத்திரை. வேளை தப்பினால் நடந்துகொண்டிருப்பவர் அப்படியே நின்றுவிடுவார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல இருக்கும். குளியலறை வாசலில்தான் இது அதிகம். அங்கே ஓரடிக்கு ஒன்றாக மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். "இந்தக் கோட்டைத் தாண்டுங்கப்பா" என்றால் தாண்டிவிடுகிறார். வெறும் தரையில் எழும்பாத கால், கோட்டைக் கண்டால் எழும்புகிறது! முதல் நாள் அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். அப்பா தடுமாறினால் அவரால் பிடிக்க முடியாது.

நான் வேலைக்குப் போகும் ஐந்து நாட்களும் ஓர் அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். சனி, ஞாயிறு நான்தான். ஓசூரில் இருக்கும் தம்பி மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வந்துவிடுவான்.

ஆகவே எனக்கென்று இருப்பது இவ்வளவுதான்: ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்தரை வரை. இரண்டு மணி மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும், அப்பா நன்றாக நடமாடுவார், அம்மா தைரியமாக உடன் இருப்பார். தம்பி வரும் ஞாயிறு மட்டும் பகல் முழுக்க என்னுடையது. இரவு ஒன்பதரைக்கு மேல் போனில் பேசலாம். பேச்சுக்கு நடுவே நான் காணாமல் போனால், தானாகப் புரண்டு படுக்க முடியாமல் அப்பா கூப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். போன வியாழக்கிழமை நடந்தது அதுதான். உங்கள் பேச்சு பிடிக்காமல் போனை வைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கல்யாணம் வரை போனாலும் இவர்கள் இருவரும் என்னுடன்தான் இருப்பார்கள். திருச்சியை விட்டு வருவது இப்போதைக்கு என்னால் ஆகாது. யாரும் என்மேல் சுமத்தியதில்லை இது. நானே விரும்பிச் செய்கிறேன். நீங்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்தப் பத்து நாள் பழக்கத்தில் கேட்கவும் மாட்டேன். இது உங்களுக்கு ஒத்துவராது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல வரவில்லை, ஆனால் புரிந்துகொள்வேன்.

உங்களுடன் பேசிய பத்து நாட்களும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. அதனால் கேட்கிறேன்: வரும் ஞாயிறு மூன்றரைக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு வர முடியுமா? வீட்டிலிருந்து எனக்கு நடக்கும் தூரம். பக்கத்தில் ஒரு காபியும் குடிக்கலாம். ஐந்தே காலுக்கு நான் கிளம்ப வேண்டும். முக்கொம்புக்குத் தம்பி வரும் ஞாயிறு போகலாம், உங்களுக்குச் சம்மதமென்றால் அவனிடம் இன்றே சொல்லிவைக்கிறேன்.