4.2 சல்லடைப் பகுப்பாய்வும் மண் வகைப்பாடும்: துளை 2, ஆழம் 3.0 மீ

தில்லி மயூர் விஹாரில் தமிழர் குடியிருப்புச் சங்கம் கட்டவிருக்கும் சமுதாயக் கூடத்துக்கான மண் ஆய்வு அறிக்கையின் பகுதி இது. மாதிரி யமுனைப் படுகை மண். சாம்பல் பழுப்பு நிறம். வெயிலில் பிடித்தால் மைக்காச் செதில்கள் மினுங்கும்.

சோதனை IS 2720 பகுதி 4 (1985) முறைப்படி நடந்தது. முதலில் உலர்நிலையில் சலித்தபோது 75 மைக்ரான் சல்லடையைத் தாண்டியது 4.6% மட்டுமே. தட்டில் நின்ற மணலை விரலால் தேய்த்ததும் மாவு ஒட்டியது. அந்த எண்ணை நம்ப முடியவில்லை. அதே துளையின் புதிய பங்கில் 500.0 கிராம் உலர்மண்ணை எடுத்து, சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கலந்த நீரில் ஊறவைத்து, 75 மைக்ரானில் கழுவி, உலர்த்தி, மீண்டும் சலித்தோம். கீழ்க்காண்பவை இந்த இரண்டாம் சோதனையின் எண்கள்.

| சல்லடை (மி.மீ.) | தங்கியது (கி) | கடந்தது (%) |
|---|---|---|
| 4.75 | 0.0 | 100.0 |
| 2.36 | 4.0 | 99.2 |
| 1.18 | 11.0 | 97.0 |
| 0.600 | 35.0 | 90.0 |
| 0.300 | 155.0 | 59.0 |
| 0.150 | 175.0 | 24.0 |
| 0.075 | 78.5 | 8.3 |

சலிப்பில் தொலைந்த 0.5 கிராம் நுண்பகுதியோடு சேர்க்கப்பட்டுள்ளது.

படம் 4.1: துகள் அளவுப் பரவல் வளைகோடு (ஒரு கோடு 5%). ஒவ்வொரு சல்லடையும் முந்தையதில் ஏறக்குறையப் பாதி என்பதால், வரிசைகள் மடக்கை அளவில் சம இடைவெளியிலேயே அமைகின்றன.

```
4.75  |--------------------o
2.36  |--------------------o
1.18  |-------------------o
0.600 |------------------o
0.300 |------------o
0.150 |-----o
0.075 |--o
```

0.600க்கும் 0.150க்கும் இடையில் கோடு செங்குத்தாகச் சரிகிறது: மண்ணின் 66% இந்தக் குறுகிய இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. ஆறு அரித்துக் கொண்டுவந்து பருமன் பிரித்துப் போட்ட மணலுக்கு இதுவே இயல்பு.

வளைகோட்டிலிருந்து D10 = 0.081, D30 = 0.17, D60 = 0.31 மி.மீ.

```
Cu = D60/D10 = 0.31/0.081 = 3.8
Cc = D30²/(D10 × D60) = 0.17²/(0.081 × 0.31) = 1.15
```

D10 சல்லடை எல்லைக்குள்ளேயே கிடைத்துவிட்டதால் ஹைட்ரோமீட்டர் சோதனை தேவைப்படவில்லை.

Cc 1க்கும் 3க்கும் இடையில் இருந்தாலும், Cu 6ஐத் தாண்டவில்லை. ஆகவே நன்கு தரப்பட்ட மணல் என்று சொல்ல முடியாது. நுண்பகுதி 8.3%, அதாவது 5க்கும் 12க்கும் நடுவில்; எனவே இரட்டைக் குறியீடு வேண்டும். அந்த நுண்பகுதியை 3 மி.மீ. திரியாக உருட்ட முடியவில்லை, நெகிழ்வற்ற வண்டல். IS 1498 (1970) படி வகை: SP-SM, வண்டல் கலந்த, தரம் குன்றிய மணல். கழுவாத எண்ணை எடுத்திருந்தால் வெறும் SP என்று எழுதியிருப்போம்.

IS 1893 (2016) தில்லியை நிலநடுக்க மண்டலம் IVல் வைக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே இத்தகைய மணல் நிலநடுக்கத்தில் திரவமாகலாம். துகள் அளவை மட்டும் வைத்து அதை முடிவுசெய்ய இயலாது என்பதால், பகுதி 4.4ல் SPT எண்களோடு சேர்த்துக் கணித்துள்ளோம்.