நேர்முகத் தேர்வு: செவித்திறன் குறைபாட்டுக்கான வசதி கோரிக்கை

வணக்கம் மேடம்,

கணக்கு உதவியாளர் பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைத்ததற்கு நன்றி. ஜூன் 17 செவ்வாய் காலை 11 மணிக்கு ஃபோனில் முதல் சுற்று, 21 சனிக்கிழமை நாகர்கோவில் அலுவலகத்தில் எழுத்துத் தேர்வும் நேரடிச் சுற்றும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளும் எனக்குச் சரிப்படும். 20ஆம் தேதியோடு ஜிஎஸ்டி 3பி வேலை முடிந்துவிடும் என்பதால், இப்போது வேலை செய்யும் தக்கலை ஆடிட்டர் அலுவலகத்தில் சனிக்கிழமை விடுப்பு எடுப்பதிலும் சிரமம் இல்லை.

எனக்கு இரண்டு காதிலும் செவித்திறன் குறைவு. காது மிஷின் வைத்திருக்கிறேன். அதோடு எதிரில் இருப்பவரின் வாயசைவையும் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறேன். முகம் தெரியாத ஃபோன் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். அதனால் கீழ்க்கண்ட மாற்றங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் சுற்றை ஃபோனுக்குப் பதிலாக கூகுள் மீட் வீடியோ அழைப்பில் வைக்க வேண்டும். கேள்வி கேட்பவர் கேமராவை ஆன் செய்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தால் போதும். ஆங்கிலத்தில் கேட்டால் திரையில் வரும் கேப்ஷனை நான் போட்டுக்கொள்வேன். தொகை, சதவீதம், தேதி போன்ற எண்களை மட்டும் சாட்டில் தட்டிவிடுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் வாயசைவில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். கணக்கு வேலைக்கான தேர்வில் ஊகித்துப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நேரடிச் சுற்றில் எத்தனை பேர் இருந்தாலும் சரி, ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேச வேண்டும். ஜன்னல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் இருந்தால் நல்லது, வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் இருண்டுவிடும். சாதாரணமாகப் பேசினால் போதும், சத்தம் போட வேண்டியதில்லை. கத்திப் பேசும்போது வாயசைவு மாறி, இன்னும் புரியாமல் போகிறது. இடையில் மலையாளம் கலந்து வந்தாலும் கவலையில்லை, நம் ஊர்ப் பேச்சு எனக்குப் பழக்கம்தான்.

மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி அட்டையும் என்னிடம் உள்ளன. தேவையென்றால் நகல் அனுப்புகிறேன். இந்த ஏற்பாடுகள் முடியுமா என்று வெள்ளிக்கிழமைக்குள் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லுங்கள்.

நன்றி.
அஜிதா
தக்கலை

*

வணக்கம் அஜிதா,

விவரமாக எழுதியதற்கு நன்றி. சனிக்கிழமை நீங்கள் கேட்டபடி இருக்கை ஏற்பாடு செய்துவிடலாம். முதல் சுற்று எல்லோருக்கும் ஃபோனில்தான் நடக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது பக்கத்தில் இருந்து கேள்வியைக் கேட்டுச் சொன்னால் போதுமா? இன்னொன்று, எழுத்துத் தேர்வில் பில் விவரங்களை மேலாளர் வாசிப்பார், கேட்டுக் கேட்டு டாலியில் பதிய வேண்டும். அதை எப்படிச் செய்யலாம்? வேலையில் சேர்ந்தால் ரப்பர் ஷீட் கொடுப்பவர்களிடமிருந்து ஃபோன் வந்துகொண்டே இருக்கும், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

மனிதவளப் பிரிவு

*

வணக்கம் மேடம்,

உடனே பதில் எழுதியதற்கும் சனிக்கிழமை ஏற்பாட்டுக்கும் நன்றி.

வீட்டிலிருந்து ஒருவர் கேட்டுச் சொல்லும் முறை எனக்கு ஒத்துவராது. என் அம்மாவுக்கு உள்ளீட்டு வரி வரவு என்றால் என்னவென்று தெரியாது, அவர் சொல்லும் கேள்வி நீங்கள் கேட்ட கேள்வியாகவே இருக்கும் என்று உறுதியில்லை. பதில் யாருடையது என்ற சந்தேகமும் உங்களுக்கு வரலாம். நானே கேள்வியைப் பெற்று நானே பதில் சொல்ல வேண்டும். மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்விகள், அதே நேரம் போதும். வீடியோ அழைப்பு முடியவே முடியாது என்றால், 17ஆம் தேதி 11 மணிக்கு நேரில் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறேன். தக்கலையிலிருந்து வடசேரிக்குப் பஸ் நிறைய இருக்கிறது.

டாலி தேர்வுக்கு, மேலாளர் வாசிக்கப்போகும் பில் விவரங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். மற்றவர்களுக்கு வாசித்து முடிக்க ஆகும் நேரத்தையும் சேர்த்து எனக்கும் அதே மொத்த நேரம் வையுங்கள், கூடுதல் நேரம் வேண்டாம். வாசித்துக் காட்டினால் என் காதுதான் சோதிக்கப்படும். தாளில் கொடுத்தால், எந்தப் பில்லை எந்தக் கணக்கில் பதிகிறேன், மாநிலத்துக்குள் வந்த சரக்கையும் கேரளாவிலிருந்து வந்த சரக்கையும் வரியில் சரியாகப் பிரிக்கிறேனா என்பது தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தானே.

ஃபோன் பற்றி நேராகவே சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எடுத்துப் பேசும் வேலையை என்னால் தனியாகப் பொறுப்பேற்க முடியாது. இப்போதைய அலுவலகத்தில் வாடிக்கையாளர்கள் பில்லைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், சந்தேகத்தை நான் அதிலேயே எழுதிக் கேட்கிறேன். அவசரமான அழைப்பை உடன் வேலை செய்யும் அக்கா எடுத்து, விவரத்தைச் சீட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிடுவார். அவருக்குச் சேர வேண்டிய வங்கிச் சரிபார்ப்பு வேலையில் ஒரு பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். தொகையும் எடையும் எழுத்தில் இருப்பதால் பிறகு தகராறு வந்தால் எடுத்துக் காட்டவும் முடிகிறது. உங்கள் அலுவலகத்திலும் இப்படி வேலையைப் பிரிக்க முடியுமா என்பதைச் சனிக்கிழமை பேசலாம். இந்தப் பணியின் பெரும்பகுதி ஃபோன்தான் என்றால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் நேரம் மிச்சமாகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பற்றியும் ஒரு வார்த்தை. மற்றவர்களோடு சமமாகப் பங்கெடுக்கத் தேவையான, நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை தராத மாற்றத்தைத்தான் அந்தச் சட்டம் நியாயமான வசதி என்கிறது. ஒரு வீடியோ அழைப்பும் ஓர் அச்சுத் தாளும் அந்த அளவுக்குள் அடங்கும் என்று நம்புகிறேன். ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உங்களிடம் அது இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துவிட்டு வருகிறேன்.

நன்றி.
அஜிதா

*

வணக்கம் மேடம்,

17ஆம் தேதி மீட் அழைப்புக்கான லிங்க் வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. பில் விவரங்களை அச்சடித்துத் தருவதாகச் சொன்னதற்கும் நன்றி.

ஒரே ஒரு விஷயம். சனிக்கிழமை நேர்முகம் மாடியில் ஷீட் போட்ட அறையில் என்று எழுதியிருக்கிறீர்கள். இது தென்மேற்குப் பருவமழைக் காலம். மழை வலுத்தால் ஷீட்டில் விழும் சத்தத்தைக் காது மிஷின் அப்படியே பெரிதாக்கிவிடும், பேச்சு அதில் அமுங்கிப்போகும். கீழ்த்தளத்தில் ஓர் அறை கிடைத்தால் அங்கே வைத்துக்கொள்ளலாமா? கிடைக்காவிட்டால், மழை வந்தால் கேள்விகளை எழுதிக் காட்ட மேசையில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் சமாளித்துக்கொள்வேன்.

பெயர் கூப்பிடும்போது நான் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கலாம். வரவேற்பில் இருப்பவரிடம், பக்கத்தில் வந்து கையசைத்துக் கூப்பிடச் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை 9.30 மணிக்கே அங்கே இருப்பேன்.

அஜிதா