விண்ணப்பக் கடிதம்: ஜூனியர் பேக்கெண்ட் டெவலப்பர் பணி

திருப்பூர்
9 ஜூன் 2025

பெறுநர்
மென்பொருள் உருவாக்கக் குழுத் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்

மதிப்பிற்குரிய ஐயா,

பின்னலாடை ஆலைகளுக்காக நீங்கள் உருவாக்கிவரும் ஈஆர்பி மென்பொருளுக்கு ஜூனியர் பேக்கெண்ட் டெவலப்பர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். திருப்பூர் ஏற்றுமதி ஆலைகளில் 4 ஆண்டுகள் க்யூசியாகவும் 3 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராகவும் வேலை செய்திருக்கிறேன். சென்ற மாதம் 24 வார முழுநேர பூட்கேம்ப்பை முடித்தேன். பைத்தான், ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ரியாக்ட் ஆகியவற்றில் பயிற்சி உண்டு. கீழே சொல்லும் இரண்டு செயலிகளையும் தனியாக எழுதினேன். ஆலைத் தரவு எதையும் எடுக்கவில்லை. ஆர்டர், பையர், அளவு எல்லாம் நானே உருவாக்கிய மாதிரித் தரவு.

முதலாவது, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் செயலி. ஆர்டர் அளவைக் கொடுத்தால் எத்தனை பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், எத்தனை குறை வரை பாஸ் என்பதை ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி சொல்லும். 3,000 பீஸ் ஆர்டருக்குப் பொது நிலை 2-இல் 125 பீஸ் எடுக்க வேண்டும். ஏக்யூஎல் 2.5-இல் 7 மேஜர் குறை வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். இந்த அளவு ஆர்டருக்கு அட்டவணையைப் பார்த்து அப்படியே எழுதிவிடலாம். சிக்கல் சின்ன ஆர்டரில்தான். ஒரே கலரில் 60 பீஸ் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் அதற்குரிய சாம்பிள் அளவின் எழுத்து E, அதாவது 13 பீஸ். ஆனால் 2.5 பத்தியில் அந்த இடத்தில் எண் கிடையாது, கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி இருக்கும். கீழே இறங்கி F-க்குப் போய் 20 பீஸ் எடுக்க வேண்டும், 1 குறை வரை பாஸ். 26 முதல் 50 பீஸ் வரையிலான ஆர்டரில் அம்பு மேலே காட்டும். அங்கே 5 பீஸ் எடுத்தால் போதும், ஆனால் ஒரு குறைகூட இருக்கக் கூடாது.

அம்புக்குறியை வெற்று மதிப்பாகச் சேமித்தால் செயலி 13 பீஸ் எடுக்கச் சொல்லிவிட்டு, எத்தனை குறை வரை பாஸ் என்று சொல்லத் தெரியாமல் நிற்கும். முதல் பதிப்பில் எனக்கு நேர்ந்த பிழை இதுதான். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணோ திசையோ கட்டாயம் இருக்கும். திசை இருந்தால், எண் கிடைக்கும் வரை நிரல் அந்தப் பக்கம் நகரும். அதே 60 பீஸுக்கு மைனர் குறை ஏக்யூஎல் 4.0 என்றால் 13 பீஸ் போதும். மேஜருக்கு 20, மைனருக்கு 13 என்று செக்கிங் டேபிளில் இரண்டு கணக்கு வைத்தால் குழப்பம்தான். பெரிய சாம்பிளின் எழுத்தையே எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ள தர நெறி இடம் தருகிறது. ஆகவே இரண்டுக்கும் 20 பீஸ். மேஜர் 1 வரை, மைனர் 2 வரை பாஸ். உடைந்த ஊசி முனை போன்ற கிரிட்டிக்கல் குறைக்கு எப்போதும் பூஜ்ஜியம்தான்.

ஷெட்டின் உள்பக்கத்தில் போன் சிக்னல் கிடைக்காது என்று வைத்துத்தான் இதை வடிவமைத்தேன். குறைகள் முதலில் போனிலேயே பதிவாகும், சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போகும். சர்வர் பதிவு செய்த பிறகு பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால், போன் அதே குறையை மீண்டும் அனுப்பும். 7 குறை 8 ஆகிவிட்டால் பாஸாக வேண்டிய ஆர்டர் ஃபெயிலாகும், ஷிப்மென்ட் நிற்கும். அதனால் குறையைத் தட்டும்போதே போன் அதற்கு ஒரு தனி அடையாளம் கொடுக்கிறது; அந்தப் பத்தியில் யூனிக் கட்டுப்பாடு இருக்கிறது:

```sql
INSERT INTO defect (client_uuid, inspection_id, piece_no, code)
VALUES (%s, %s, %s, %s)
ON CONFLICT (client_uuid) DO NOTHING;
```

பீஸ் எண்ணையும் குறைக் குறியீட்டையும் சேர்த்து யூனிக் ஆக்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஒரே பீஸில் இரண்டு இடத்தில் ஸ்கிப் ஸ்டிச் இருக்கலாம். இரண்டையும் பதிவில் வைத்திருந்தால்தான் எந்த மெஷினில் கோளாறு என்று தேட முடியும்.

இரண்டாவது, துணித் தேவைக் கணக்கு. டி-ஷர்ட்டின் நீளம் 70 செ.மீ., கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10. மார்பு அகலம் 54, அதற்கு 4. துணி 160 ஜிஎஸ்எம். 102 × 58 × 2 × 160 ÷ 10,000 = 189.312 கிராம். கட்டிங் வேஸ்ட் 10% சேர்த்தால் 208.243 கிராம், 3,000 பீஸுக்கு 624.73 கிலோ. இது டையிங், காம்பாக்டிங் முடிந்து வரும் துணியின் எடை. பிராசஸ் லாஸ் 8% என்றால் பலர் 1.08-ஆல் பெருக்கி 674.7 கிலோ நிட்டிங்குக்குச் சொல்லிவிடுவார்கள். லாஸ் என்பது உள்ளே போகும் எடையில் 8%. ஆகவே 0.92-ஆல் வகுக்க வேண்டும், 679.1 கிலோ வரும். வித்தியாசம் நாலரை கிலோகூட இல்லை. ஆனாலும் கடைசியில் 20 பீஸுக்குத் துணி போதாது. அந்த 20 பீஸுக்காகத் தனியாக ஒரு லாட் சாயம் போட்டால் ஷேட் மாறும். இந்தக் கணக்குக்கு மட்டும் 14 டெஸ்ட் எழுதியிருக்கிறேன். எடைகள் எல்லாம் டெசிமல் வகை. ரவுண்டிங் கடைசிப் படியில் ஒரே ஒரு முறைதான்.

ஷேட் காரணமாகவே டேட்டாபேஸில் டையிங் லாட் எண்ணை ஆர்டரோடு இணைக்காமல் கட்டிங் பண்டிலோடு இணைத்தேன். முன்பாகம் ஒரு லாட்டிலும் கை வேறு லாட்டிலும் சேர்ந்துவிட்டால், எந்த பண்டிலில் நடந்தது என்று பின்னால் தேடிப் பிடிக்க முடிய வேண்டும். உங்கள் அறிவிப்பில் "லாட் டிராக்கிங்" என்று இருந்ததைப் பார்த்ததும் விண்ணப்பிக்க முடிவு செய்ததற்கு இதுவே காரணம்.

எனக்கு இன்னும் கைவராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சிஸ்டத்தில் வேலை செய்ததில்லை. பூட்கேம்ப் குழுத் திட்டத்தில் நான்கு பேர் இருந்தோம். அதில் லாகின் பகுதியும் ரிப்போர்ட் ஏபிஐயும் என்னுடையவை, சர்வர் அமைப்பு வேறொருவர் செய்தது. டாக்கரில் என் செயலிகளை ஓட்டத் தெரியும், அதற்கு மேல் கற்றுக்கொண்டிருக்கிறேன். பழைய நிரலைப் படித்துப் பிழை திருத்தும் வேலையிலிருந்து தொடங்கச் சொன்னாலும் மகிழ்ச்சியே.

பையர் அனுப்பும் டெக் பேக்கையும் மெஷர்மென்ட் சார்ட்டையும் நேரடியாகப் படித்து டேபிளாக்க என்னால் முடியும். ஆலைக்குப் போய் கட்டிங் மாஸ்டரிடமும் செக்கிங் சூப்பர்வைசரிடமும் அவர்கள் பேச்சிலேயே தேவையைக் கேட்டு எழுதி வரவும் முடியும்.

இரண்டு செயலிகளின் நிரலையும் இயக்கும் முறையையும் இணைப்பில் வைத்திருக்கிறேன். நேர்காணலில் 15 நிமிடம் கொடுத்தால், போனை ஃப்ளைட் மோடில் போட்டு 60 பீஸ் இன்ஸ்பெக்‌ஷனை முழுதாகச் செய்து காட்டுகிறேன். கோவைக்கு எந்த நாளும் வர இயலும். தேர்வானால் ஜூலை 1 முதல் பணியில் சேர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. கார்த்திகா