கேன்டீன், பஸ் வசதிகளைச் சீர்செய்யக் கோரி ஊழியர் சங்கம் அளிக்கும் கோரிக்கை மனு

நாள்: 12 மார்ச் 2025

அனுப்புநர்:
தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர்
ஊழியர் சங்கம்

பெறுநர்:
பொது மேலாளர் (மனிதவளம்)
நிர்வாக அலுவலகம்

நகல்: ஆலைத் தலைவர், போக்குவரத்துப் பொறுப்பாளர், கேன்டீன் மேற்பார்வையாளர்

பார்வை: 1. எங்கள் கடிதம், 8 நவம்பர் 2024. 2. தங்கள் பதில், 20 ஜனவரி 2025.

மதிப்பிற்குரிய ஐயா,

நவம்பரில் நாங்கள் எழுதிய கடிதத்துக்கு, “பரிசீலனையில் உள்ளது” என்று ஜனவரியில் பதில் வந்தது. அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை. இடைப்பட்ட நாட்களில் சங்கத்தின் சார்பில் ஆறு பேர் கொண்ட குழு, கேன்டீனிலும் பஸ்களிலும் நேரம், எண்ணிக்கை, வெப்பநிலை ஆகியவற்றை அளந்து குறித்தது. இந்த மனு அந்தக் குறிப்புகளை வைத்து எழுதப்பட்டது. மூலப் பதிவேட்டை எந்நேரமும் காட்டத் தயாராக இருக்கிறோம். இங்குள்ள கோரிக்கைகளில் பாதிக்கு மேல் பணச் செலவே இல்லாதவை. வேலை நேரப் பட்டியலை மாற்றினாலே தீரும்.

முதலில் இரவு ஷிப்ட் சாப்பாடு. இதை மற்றவற்றோடு ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம், ஏனென்றால் இது வசதி பற்றிய பிரச்சினை அல்ல, உடல்நலம் பற்றியது. இரண்டாம் ஷிப்டுக்காக மாலை 6 மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கப்படும் உணவில் ஒரு பகுதிதான் மூன்றாம் ஷிப்டின் 120 பேருக்கு நள்ளிரவு 1.30 மணிக்குப் பரிமாறப்படுகிறது. இடையில் ஏழரை மணி நேரம். ஐந்து இரவுகள் குத்து வெப்பமானியை அண்டாவின் நடுவில் வைத்துப் பார்த்தோம்: 36 முதல் 44 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவேதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆழமான அண்டா மெதுவாக ஆறுவதால், உணவு பல மணி நேரம் சரியாக அந்த இடைவெளியிலேயே கிடக்கிறது.

சோற்றில் ஆபத்து இன்னும் கூடுதல். அதில் இருக்கக்கூடிய ‘பேசில்லஸ் சீரியஸ்’ கிருமியின் விதைத்துகள்கள் கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நச்சைச் சுரக்கும். ஆகவே 1 மணிக்கு ஒரு தடவை சூடுகாட்டிப் பரிமாறுகிறோம் என்று கான்ட்ராக்டர் சொல்வது தீர்வாகாது. பரிமாறும் கவுண்டரில் உள்ள வெந்நீர்த் தொட்டியும் உதவாது. அது சூட்டைத் தாங்கிப் பிடிக்கத்தான் செய்யும், ஆறிப்போனதைச் சூடேற்றாது. போதாததற்கு இரண்டு தொட்டிகளில் ஒன்றின் ஹீட்டிங் காயில் எரிந்து கிடக்கிறது.

நாங்கள் கேட்பது: மூன்றாம் ஷிப்டுக்கென்று இரவு 11.30 மணிக்கு அடுப்பு பற்றவைத்துத் தனியாகச் சமைக்க வேண்டும். இதற்கு ஒரு சமையல்காரரும் ஓர் உதவியாளரும் போதும். அந்த ஏற்பாடு முடியும்வரை, இறக்கியவுடன் வெப்பம் காக்கும் மூடிய பெட்டிகளில் உணவை அடைத்து, பரிமாறும் முன் அளந்து, 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் பரிமாறாமல் விலக்க வேண்டும். அளவைப் பதிவேட்டில் எழுதிச் சமையல் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு வேளை உணவிலும் ஒரு கிண்ணம் மாதிரி எடுத்து, தேதி எழுதி, 72 மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். யாருக்காவது வயிற்றுக் கோளாறு வந்தால் காரணத்தைக் கண்டறிய அது ஒன்றுதான் வழி; கான்ட்ராக்டர் மீது வீண்பழி விழாமல் காப்பதும் அதுவே.

அடுத்து, முதல் ஷிப்டின் சாப்பாட்டு நேரம். 360 பேருக்கும் 11 மணி முதல் 11.30 வரை ஒரே இடைவேளை. பரிமாறும் கவுண்டர்கள் இரண்டு. ஒருவருக்குச் சுமார் 10 விநாடி, ஆக நிமிடத்துக்கு 12 பேர். கணக்குப் போட்டால் கடைசி ஆள் தட்டைக் கையில் வாங்கும்போது இடைவேளை முடிந்து மணி அடித்துவிடும். இருக்கைகள் 144 மட்டுமே. ஒருவர் 15 நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரே சமயத்தில் 180 இடம் வேண்டும், ஆகவே பலர் நின்றபடி சாப்பிடுகிறார்கள்.

நெரிசல் கவுண்டரில் தொடங்குவதில்லை, கை கழுவும் குழாயடியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆறு குழாய்களில் நான்குதான் வேலை செய்கின்றன. சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவ ஆளுக்கு அரை நிமிடம் ஆகும் என்றால், நான்கு குழாய்களில் நிமிடத்துக்கு 8 பேர்தான் முடிப்பார்கள். அவசரத்தில் பலரும் கழுவாமலேயே போகிறார்கள். எந்திர எண்ணெய் படிந்த கையோடு சாப்பிடுகிறார்கள்.

இதற்கு எங்கள் யோசனை, இடைவேளையை மூன்றாகப் பிரிப்பது. எந்திரப் பிரிவு 11 மணிக்கு, அசெம்ப்ளி 11.30க்கு, பேக்கிங்கும் ஸ்டோர்ஸும் 12 மணிக்கு. தலா 120 பேர். இப்போதிருக்கும் இரண்டு கவுண்டர்களிலேயே 10 நிமிடத்தில் அனைவரும் வாங்கிவிடுவார்கள், 144 இருக்கைகளும் போதும். பழுதான இரண்டு குழாய்களையும் சரிசெய்தால் அங்கேயும் நிமிடத்துக்கு 12 பேர் ஆகிவிடும். எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் தேவைப்படும் இடங்கள் ஐந்து என்று பிரிவு வாரியாகக் கணக்கெடுத்திருக்கிறோம். அந்தப் பட்டியலை இணைப்பு 1-இல் தந்துள்ளோம். பிரிவுகளுக்குள் முறை வகுத்து ஆட்களை ஒத்துக்கொள்ள வைக்கும் பொறுப்பு சங்கத்துடையது.

கடைசியாக வருபவர்களுக்குக் காய் தீர்ந்துபோவது அன்றாடம் நடக்கிறது. இதில் கான்ட்ராக்டரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முந்தைய நாள் மாலை 4 மணிக்கு நிர்வாகம் தரும் எண்ணிக்கையை வைத்துத்தான் அவர் சமைக்கிறார், அதில் ஓவர்டைம் ஆட்கள் சேர்வதில்லை. ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வருகைப் பதிவிலிருந்து நேரடி எண்ணிக்கையைச் சமையலறைக்கு அனுப்பி, அதற்கு மேல் 5 சதவீதம் கூட்டிச் சமைக்கச் சொன்னாலே தட்டுப்பாடு நீங்கும், மிச்சமாகி வீணாவதும் குறையும்.

குடிநீர்: வடிகட்டியில் உள்ள கரிப்பகுதி தண்ணீரிலிருந்து குளோரினை நீக்கிவிடும். அதன் பிறகு கிருமியைத் தடுக்க எதுவும் இல்லை. உரிய காலத்தில் மாற்றாத வடிகட்டி, கிருமி வளரும் இடமாகிவிடும். இப்போதுள்ள மூன்று குளிர்நீர் எந்திரங்களில் எதிலும் வடிகட்டி மாற்றிய தேதி ஒட்டப்படவில்லை. மாற்றிய தேதியையும் அடுத்து மாற்ற வேண்டிய தேதியையும் எந்திரத்தின் மேலேயே ஒட்ட வேண்டும். மேல்நிலைத் தொட்டியை மூன்று மாதத்துக்கொரு முறை கழுவி, குழாய்த் தண்ணீரில் கோலிஃபார்ம் பரிசோதனை செய்து, முடிவை அறிவிப்புப் பலகையில் போட வேண்டும்.

இனி பஸ் வசதி. முதல் ஷிப்டில் 6 பஸ்களில் 288 பேர் வருகிறோம். மொத்த இருக்கைகள் 312. ஆக இருக்கைக்குப் பஞ்சமில்லை, பங்கீடுதான் கோணல். 3-ஆம் ரூட்டில் 52 இருக்கைக்கு 71 பேர். 5-ஆம் ரூட்டில் 29 பேர். 3-ஆம் ரூட்டின் கடைசி மூன்று ஸ்டாப்புகளில் ஏறும் 20 பேரை 5-ஆம் ரூட்டுக்கு மாற்றினால் 51, 49 என்று சரியாகிவிடும். இதனால் 5-ஆம் ரூட் சுமார் நாலரை கிலோமீட்டர் கூடும், 12 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த ரூட்டின் 29 பேரிடமும் பேசினோம். பஸ் நேரம் தவறாது என்ற உறுதி கிடைத்தால் சம்மதம் என்கிறார்கள். நின்றுகொண்டு பயணிப்பது 19 பேரின் முதுகுவலிப் பிரச்சினை மட்டுமல்ல; திடீரென்று பிரேக் போட்டால் முதலில் அடிபடுபவர்கள் அவர்கள்தான்.

இரண்டாம் ஷிப்ட் முடிவது இரவு 10 மணி, பஸ் கிளம்புவது 10.10. வேலையை ஒப்படைத்து, உடை மாற்றி, ஒற்றை வரிசைப் பை சோதனையைக் கடந்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வர 15 நிமிடத்துக்குக் குறையாது. பஸ் தவறியவர்கள் அந்நேரத்தில் வேறு வழியின்றி நிற்கிறார்கள். 10.20க்குக் கிளம்பட்டும், பை சோதனைக்கு அந்த அரை மணி நேரம் மட்டும் இன்னொரு வரிசை திறக்கட்டும். பெயர்ப் பட்டியலை வைத்து எண்ணிப் பார்த்த பிறகே பஸ் நகர வேண்டும். இரவில் பெண் ஊழியர் எவரும் கடைசிப் பயணியாகத் தனியே மிஞ்சாதபடி இறக்கும் வரிசையை அமைக்க வேண்டும். அது முடியாத ரூட்டில் பெண் பாதுகாவலர் ஒருவர் உடன் வர வேண்டும்.

கம்பெனி பஸ் தாமதமாக வந்தால் ஊழியருக்குத் தாமதப் பதிவு விழுகிறது. மூன்று தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். இதை நாங்கள் ஏற்க மாட்டோம். பஸ்ஸை ஓட்டுவது ஊழியர் அல்ல. வாயில் காவலர் ஒவ்வொரு பஸ்ஸும் உள்ளே நுழையும் நேரத்தைக் குறித்து, அந்த பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தாமதப் பதிவை நீக்க வேண்டும். ஜனவரி முதல் இவ்வாறு பிடித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

பஸ்களின் நிலையில் மூன்றை உடனே கவனிக்க வேண்டும். 2, 6-ஆம் ரூட் பஸ்களில் அவசர வழிக் கதவை மறித்து ஓர் இருக்கை பொருத்தப்பட்டிருக்கிறது. 4-ஆம் ரூட் பஸ்ஸின் பின் டயர்களில் தேய்மானக் கோடு வெளியே தெரிகிறது, அதாவது பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. மழையில் பிடிப்பு இருக்காது. மூன்றாவது, எங்களை மிகவும் கவலைப்படுத்துவது, ஓட்டுநர்களின் ஓய்வு. அதிகாலை 4.45க்கு முதல் ஸ்டாப்பில் நிற்கும் அதே ஓட்டுநர்தான் இரவு 11.30க்குக் கடைசி ஆளை இறக்குகிறார். பகலில் இடைவெளி இருந்தாலும் இரவில் தூங்கக் கிடைப்பது ஐந்து மணி நேரம்கூட இல்லை. அவர்கள் எங்கள் சங்க உறுப்பினர்கள் அல்ல, கான்ட்ராக்ட் ஓட்டுநர்கள். ஆனால் 50 உயிர்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. இரு பணிகளுக்கிடையே தொடர்ச்சியாகக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கிடைக்கும்படி காலைக்கும் இரவுக்கும் தனித்தனி ஓட்டுநர்களை அமர்த்துவதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்க வேண்டும்.

கால அளவு: உணவு வெப்பநிலைப் பதிவு, அவசரக் கதவு, டயர், தாமதப் பதிவு ஆகியவை 7 நாட்களுக்குள். இடைவேளைப் பிரிப்பு, குழாய், ஹீட்டிங் காயில், ரூட் மாற்றம், இரவு 10.20 பஸ் ஆகியவை ஏப்ரல் 15-க்குள். இரவுச் சமையலும் ஓட்டுநர் ஏற்பாடும் ஆள் சேர்க்க வேண்டியவை என்பதால் மே 31 வரை.

நிர்வாகத் தரப்பில் மூவர், சங்கத் தரப்பில் மூவர் கொண்ட கூட்டுக் குழு மாதம் ஒரு முறை கூடி இவற்றைச் சரிபார்க்கட்டும். வரிசையை மீறுவது, தட்டில் வீணாக்குவது, பஸ்ஸைத் தடுத்து நிறுத்தி வைப்பது போன்றவற்றில் எங்கள் உறுப்பினர் தவறினால் கண்டிப்பது எங்கள் கடமை. அதை எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறோம்.

மார்ச் 20-க்குள் பேச்சுவார்த்தைக்கு அழைக்க வேண்டுகிறோம். அழைப்பு வராவிட்டால் மார்ச் 23 அன்று பொதுக்குழுவைக் கூட்டி, அடுத்து என்ன செய்வது என்பதை உறுப்பினர்களே முடிவு செய்வார்கள். 60 டிகிரிக்குக் கீழான இரவு உணவை ஏற்பதில்லை, இருக்கைக்கு மேல் ஆள் ஏறிய பஸ்ஸில் ஏறுவதில்லை என்ற இரு தீர்மானங்கள் அந்தக் கூட்டத்தின் முன் வைக்கப்படும். அதற்கு அவசியம் வராது என்றே நம்புகிறோம்.

இணைப்பு: 1. மாற்று ஆள் தேவைப்படும் இடங்களின் பட்டியல். 2. ஐந்து இரவுகளின் வெப்பநிலைப் பதிவு. 3. ரூட் வாரியாகப் பயணிகள் எண்ணிக்கை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர் – பொதுச்செயலாளர் – பொருளாளர்
ஊழியர் சங்கத்துக்காக