தள்ளு

வசனமில்லாத நகைச்சுவை. நடிகர்கள் இருவர்: நெட்டை, குட்டை. நேரம் 4 நிமிடம். மேடையில் பொருள் எதுவும் கிடையாது. ஓரத்தில் ஒரு டிரம்காரர். இடம், வலம் எல்லாம் பார்வையாளர் பக்கமிருந்து.

மேடை நடுவில் 4 அடி அகலம், 6 அடி உயரத்துக்கு ஒரு பெட்டி இருப்பதாகக் கணக்கு. அதன் நான்கு மூலைகளிலும் தரையில் சின்னதாக டேப் ஒட்டவும். ஒத்திகையில் மூன்று முறை இந்தக் கோட்டுக்குள் கால் வைத்தவரை மேடை ஏற்ற வேண்டாம். பெட்டிக்குள் ஒருவர் நடந்துவிட்டால் அப்புறம் எவரும் அதை நம்பமாட்டார்கள்.

இடப்பக்கமிருந்து நெட்டை வருகிறார். பெட்டியைப் பார்த்து நிற்கிறார். இரு உள்ளங்கைகளையும் அதன் பக்கத்தில் 'டப்' என்று பதிக்கிறார் (டிரம் ஒரு தட்டு). மேல் விளிம்பைத் தடவி உயரத்தைக் காட்டுகிறார். வலப்பக்கத்தைச் சுட்டுகிறார்: அங்கே போக வேண்டும். தள்ளுகிறார். முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, குதிகால் எழும்புகிறது. தோள் காதைத் தொடுகிறது, கன்னம் உப்புகிறது. உள்ளங்கை மட்டும் ஒரு விரற்கடை கூட அசையக் கூடாது. கை முன்னே போனால் பெட்டி காற்றாகிவிடும்.

அதே சமயம் வலப்பக்கமிருந்து குட்டை. அதே 'டப்', அதே தடவல். மேல் விளிம்புக்கு எட்டாமல் குதிக்கிறார். இடப்பக்கத்தைச் சுட்டிவிட்டுத் தள்ளுகிறார். இருவர் பார்வையும் தத்தம் உள்ளங்கையோடு நிற்க வேண்டும். எதிராளியின் கண் பட்டால் சிரிப்பு அங்கேயே செத்துவிடும்.

பெட்டி அசையவில்லை. இருவர் பாதங்களும் பின்னோக்கி வழுக்குகின்றன. ஓடுவதுபோல் ஓடி, இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

நெட்டை களைத்து, பெட்டியில் முதுகைச் சாய்த்து வியர்வையை வழித்துச் சுண்டுகிறார். (எடை முழுவதும் பின்காலில். சாய்வு கொஞ்சமே போதும், ஆசைப்பட்டால் நிஜமாகவே விழுவீர்கள்.) குட்டை விடாமல் தள்ள, டிரம் 'தம்': பெட்டி ஓரடி இடப்பக்கம் நகர்கிறது. நெட்டை முன்னே உந்தப்படுகிறார். திரும்பிப் பார்க்கிறார். பெட்டியை முறைக்கிறார்.

இந்த 'தம்' இல்லாமல் காட்சி நிற்காது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாததால், அந்தத் தட்டில்தான் ஒரே நொடியில் நகர முடியும். தள்ளுபவர் முந்தினால் பெட்டி சுருங்கும், பிந்தினால் வீங்கும்.

இப்போது குட்டை முறை. பெட்டியில் சாய்ந்து கீழே உட்கார்ந்து, விசிறிக்கொள்கிறார். நெட்டை வெறியோடு தள்ள, 'தம்': குட்டை உட்கார்ந்தபடியே ஓரடி வலப்பக்கம் வழுக்கிப் போகிறார். எழுந்து, பெட்டியில் காதை வைத்து ஒட்டுக்கேட்கிறார். அந்தப் பக்கம் நெட்டை கோபத்தில் காலை ஓங்கி உதைக்கிறார். 'தடார்!' ஒருவர் காதைப் பிடித்துச் சுழல, மற்றவர் கட்டைவிரலைப் பிடித்து ஒற்றைக்காலில் குதிக்கிறார். சிரிப்பு அடங்கும்வரை குதிக்கலாம், அவசரமில்லை.

சந்தேகம். நெட்டை பெட்டியின் முன்புறமாகச் சுற்றுகிறார், குட்டை பின்புறமாக. பக்கம் மாறிவிட்டார்கள், யாரையும் காணோம். தோளைக் குலுக்கி, வந்த வழியே திரும்புகிறார்கள். மறுபடியும் யாரும் இல்லை. மூன்றாம் முறை இருவரும் முன்புறமாகவே வர, மூக்கோடு மூக்கு மோதல்.

சண்டை. நெட்டை வலத்தைச் சுட்டுகிறார், குட்டை இடத்தை. விரல்கள் வாளாகின்றன. திடீரென்று குட்டை முகம் கனிகிறது: நெஞ்சில் கை வைத்து, வலத்தைச் சுட்டி, 'உன் பக்கமே போகட்டும்'. நெட்டை உருகி, இடத்தைச் சுட்டுகிறார்: 'இல்லை, உன் பக்கமே'. இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டுகிறார்கள். இந்தச் சைகைகளை மட்டும் பாதி வேகத்தில் செய்யவும். இது புரியாவிட்டால் முடிவு புரியாது. கைகுலுக்கல், தழுவல், கண்ணீரைச் சுண்டல்.

குட்டை இடப்பக்கம் போகிறார். நெட்டை வலப்பக்கம் போகிறார். இருவரும் கையில் எச்சில் துப்பித் தேய்த்து, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, 'வா' என்று தட்டிக் காட்டுகிறார்கள். பார்வையாளர் முந்திக்கொண்டு சிரிக்க இரண்டு நொடி கொடுக்கவும்.

'டப்'. தள்ளுகிறார்கள். பாதங்கள் வழுக்குகின்றன. பெட்டி அசையவில்லை. காலியான அந்த இடத்தைப் பார்த்து இருவரும் உற்சாகமாகத் தலையாட்டிவிட்டு, இன்னும் பலமாகத் தள்ளுகிறார்கள்.

விளக்கு அணைகிறது. இருட்டில் பாதங்கள் வழுக்கும் ஓசை.