விலைப்புள்ளி: அலுவலக ஆண்டு விழா, 220 பேருக்கு உணவு

தேதி: 02.06.2025
விலைப்புள்ளி எண்: 47
பெறுநர்: நிர்வாக மேலாளர் அவர்கள்
நிகழ்ச்சி: 20.06.2025, வெள்ளிக்கிழமை
இடம்: உங்கள் அலுவலகம், 4-ஆம் தள உணவுக்கூடம்

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். சனிக்கிழமை நேரில் வந்து உணவுக்கூடத்தையும் லிஃப்டையும் பார்த்துவிட்டுப் பேசியபடி, விலை விவரத்தைக் கீழே கொடுத்துள்ளேன்.

காலை 10.30: ரவா கேசரி, மெதுவடை 2, சட்னி, சாம்பார், ஃபில்டர் காபி
220 பேர் × ரூ. 65 = ரூ. 14,300

மதியம், சைவம்: சாதம், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பீன்ஸ் பொரியல், உருளை வறுவல், அப்பளம், ஊறுகாய், சேமியா பாயசம்
150 பேர் × ரூ. 210 = ரூ. 31,500

மதியம், அசைவம்: சீரகச் சம்பா சிக்கன் பிரியாணி, சிக்கன் 65, அவித்த முட்டை, கத்தரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயம், பாயசம்
70 பேர் × ரூ. 260 = ரூ. 18,200

மாலை 4.00: வாழைக்காய் பஜ்ஜி, சட்னி, டீ
220 பேர் × ரூ. 40 = ரூ. 8,800

20 லிட்டர் தண்ணீர் கேன்: 12 × ரூ. 45 = ரூ. 540
பாக்குமட்டைத் தட்டு, வாழை இலை: 220 பேர் × ரூ. 14 = ரூ. 3,080
பரிமாறுபவர்கள்: 8 பேர் × ரூ. 900 = ரூ. 7,200
வண்டி வாடகை, போக வர: ரூ. 2,500

கூட்டுத்தொகை: ரூ. 86,120
ஜிஎஸ்டி 5% (மத்திய 2.5%, மாநில 2.5%): ரூ. 4,306
மொத்தம்: ரூ. 90,426

பரிமாறும் ஆட்களின் கூலி எண்ணாயிரத்துக்குள் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்; 8 பேருக்கு ரூ. 7,200-தான் ஆகிறது. இரண்டு வரிசைக்கு 8 பேர் போதும். அதற்குக் கீழே குறைத்தால் வரிசை வாசல்வரை நீளும், அதனால் அதில் கை வைக்க வேண்டாம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மாலைப் பலகாரத்தை எடுத்துவிட்டு டீயும் பிஸ்கட்டும் மட்டும் வைக்கலாம், தலைக்கு ரூ. 22 மிச்சமாகும்.

வெள்ளிக்கிழமை என்பதால் பலர் அசைவம் தொடமாட்டார்கள். 70 என்ற கணக்கு எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனாலும் ஒருமுறை பெயர்வாரியாகக் கேட்டுவிடுங்கள். பிரியாணி வாசனை வந்த பிறகு மனம் மாறுபவர்களுக்கு எங்களால் அங்கே சமைத்துத் தர முடியாது. சைவமும் அசைவமும் தனித்தனி அடுப்பில், தனித்தனி பாத்திரத்தில்தான் சமைக்கிறோம். கூடத்திலும் எதிரெதிர்ச் சுவர் ஓரம் வைப்போம். கேசரியிலும் பாயசத்திலும் முந்திரி இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், தனியாக எடுத்து வைக்கிறோம்.

முன்பணமும் பாக்கியும்: 10.06.2025-க்குள் ரூ. 36,000 முன்பணம் வந்தால்தான் தேதி உறுதி. முகூர்த்த நாளாக இல்லாவிட்டாலும் வேறு ஆர்டர் வந்தால் அதுவரைதான் காத்திருக்க முடியும். நிகழ்ச்சி அன்று மதிய உணவு இறங்கியதும் ரூ. 40,000. மீதி ரூ. 14,426-ஐ பில் கொடுத்த 7 நாட்களுக்குள் தந்துவிடவும். வங்கிப் பரிமாற்றம் அல்லது காசோலை இரண்டும் சரி. டி.டி.எஸ். பிடித்தால் அதற்கான சான்றிதழ் தர வேண்டும்.

ஆள் எண்ணிக்கை: இறுதி எண்ணிக்கையை 17-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் எழுத்தில் அனுப்புங்கள். அதன்பின் 20 பேர்வரை கூடலாம், அதே விலைதான். குறைந்தால் பில் குறையாது, காய்கறியும் கோழியும் அன்றிரவே வாங்கியாகிவிடும். ஆர்டரை 15-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் முன்பணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும், பிறகு கிடைக்காது.

டெலிவரி: காலைப் பலகாரம் 10.00-க்கும், மதிய உணவு 12.15-க்கும், மாலைப் பலகாரம் 3.40-க்கும் உங்கள் தளத்தில் இருக்கும். சூடு குறையாத ஹாட் பாக்ஸில் வரும். பஜ்ஜியை மட்டும் எங்கள் சமையல்கூடத்தில் கடைசி நேரத்தில் போட்டு எடுத்து வருவோம். உங்கள் கட்டடத்தில் அடுப்பு பற்றவைக்க அனுமதி இல்லை என்று செக்யூரிட்டி சொன்னார். சரக்கு லிஃப்டை 9.45 முதல் 10.15 வரையிலும், 12.00 முதல் 12.30 வரையிலும் எங்களுக்கு ஒதுக்கித் தரவும், வண்டி எண்ணை முந்தைய நாள் அனுப்புகிறேன். எங்கள் தவறால் மதிய உணவு 12.45-ஐத் தாண்டினால் பரிமாறும் கூலி ரூ. 7,200-ஐ பில்லில் கழித்துவிடுவோம். லிஃப்ட் பழுது, கேட்டில் நிறுத்தி வைப்பது போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பிளாஸ்டிக் கப், தட்டு எதுவும் கொண்டு வரமாட்டோம். காபி, டீக்கு எவர்சில்வர் டம்ளர். திரும்ப எண்ணி எடுப்போம். மிச்ச உணவை 3 மணிவரை கூடத்தில் வைத்திருப்போம். அதற்கு மேல் வீட்டுக்குக் கட்டி எடுத்துச் செல்லும் உணவுக்கு நாங்கள் பொறுப்பேற்க இயலாது. தயிர், பிரியாணி இரண்டும் ஜூன் வெயிலுக்குத் தாங்காது. எச்சில் இலை, குப்பையை நாங்களே அள்ளிப் போவோம்.

இந்த விலை 12.06.2025 வரை செல்லும். எங்கள் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் இணைத்துள்ளேன். சம்மதம் என்றால் இதன் நகலில் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் இட்டு அனுப்பவும். ருசி பார்க்க வேண்டுமானால் 9-ஆம் தேதி மதியம் நான்கு பேருக்குச் சாப்பாடு அனுப்பி வைக்கிறேன், அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
உரிமையாளர்

இணைப்பு: 2